லால்மன் கைக்கும் நோட்டீஸ் போச்சு: முதல் செமஸ்டர் தம்பிக்கு ஒரு திறந்த மடல்

தம்பி,

நேத்து ராத்திரி காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல நீ போட்ட வாய்ஸ் நோட்டை கேட்டேன். கான்ட்ராக்ட் இன்டர்னல்ல பத்துக்கு ரெண்டு, பேப்பர் போட்டோவும் கூடவே போட்டிருந்த, கிளாஸ்ல எந்திரிச்சு பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்குது, எனக்கு லா செட் ஆகாது போல, தீபாவளி முடிஞ்சதும் டிசி வாங்கிட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்னு சொல்லியிருந்த. அதுக்குக் கீழ நம்ம சீனியருங்க குடுத்த பதிலையும் பாத்தேன். ஒருத்தர் சிரிக்கிற எமோஜி. இன்னொருத்தர் "கைடு வாங்கிக்கோ நண்பா, கடைசி பத்து நாள் உக்காந்தா பாஸ்". இன்னொருத்தர் எந்த வருஷத்துதுன்னே தெரியாத "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" பிடிஎஃப் ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு. ஒருத்தர் கூட நீ போட்ட பேப்பரை பெருசு பண்ணிப் பாக்கல.

நான் பாத்தேன். பாத்ததுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல. உனக்குத் தனியா மெசேஜ் பண்ணியிருக்கலாம், ஆனா இதுல எனக்கு உன்மேல இருக்குற கோவத்தை விட அந்த பதில் போட்டவங்க மேல கோவம் ஜாஸ்தி, அதனால எல்லாரும் படிக்கட்டும்னுதான் பொதுவுல எழுதுறேன். நீ ரெண்டு மார்க் வாங்குனது உனக்கு மூளை இல்லாததால இல்ல, இங்கிலீஷ் வராததால இல்ல, பிஎஸ்சி முடிச்சுட்டு மூணு வருஷ லாவுக்கு வந்ததால இல்ல. அந்த ரெண்டு மார்க்குக்குக் காரணம் நீ நம்புன கைடு. அதை என்னால உன் பேப்பரை வச்சே காட்ட முடியும்.

முதல்ல கேள்வி. நம்ம காலேஜ்ல யாருக்கும் தெரியாம இருக்காது, இருந்தாலும் ஒருதடவை முழுசா எழுதிடுறேன். ஒரு அபார்ட்மென்ட்ல குடியிருக்குற அம்மா, பேரு க, அவங்க நாய் காணாமப் போயிடுது. வாட்ச்மேன் ம-வைக் கூப்பிட்டு "போய் தேடிட்டு வாப்பா"ன்னு ஆட்டோ செலவுக்கு 500 ரூபா குடுக்குறாங்க, அவரும் சரின்னு கிளம்பிடுறாரு. அவரு போனதுக்கு அப்புறம் அந்த அம்மா நாயைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவங்களுக்கு 10,000 ரூபான்னு போஸ்டர் அடிச்சு தெரு முழுக்க ஒட்டுறாங்க, அந்த போஸ்டரோட போட்டோவை ம போனுக்கும் அனுப்புறாங்க, அவரு பாத்துடுறாரு. சாயங்காலம் நாயோட வந்து நிக்கிறாரு. 10,000 ரூபா அவருக்கு உண்டா? இது (அ). (ஆ)ல அதே நாயை, அதே போஸ்டரைப் பாத்த ஒரு பால்காரர் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தா?

நீ ரெண்டுக்கும் ஒரே பதில் எழுதியிருக்க. "லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் வழக்கில், சலுகையை அறியாதவர் அதை ஏற்க முடியாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. எனவே ம-வுக்குப் பரிசு கிடையாது. பால்காரருக்கும் இதே விதி பொருந்தும்." அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் கான்ட்ராக்ட்னா என்ன, சட்டம் எப்ப வந்துச்சு, எத்தனை வகை சலுகை, அதாவது ஆஃபர், இருக்குன்னு கைடுல இருக்குறதை அப்படியே இறக்கி வச்சிருக்க. மிஸ் சிவப்பு மையில சுத்தி விட்டிருக்காங்க பாரு, "போட்டோவைப் பார்த்துட்டாரே?"ன்னு ஒரே ஒரு வரி. அதுக்கு என்ன அர்த்தம்னு நீயும் கேக்கல, யாரும் உனக்குச் சொல்லவும் இல்ல.

கேள்வியில அந்த ஆளு போஸ்டரைப் பாத்துட்டாருன்னு தெளிவா இருக்கு தம்பி. பாத்தவரை பாக்கலன்னு எழுதிட்டு வந்திருக்க. ஏன்னா உன் கைடுல லால்மன் கதை நாலே வரி. எஜமானோட அண்ணன் பையன் ஓடிப்போனான், வேலைக்காரர் தேடப் போனாரு, அப்புறம் பரிசு அறிவிச்சாங்க, அது தெரியாமலே கண்டுபிடிச்சாரு, அதனால கேஸ் தோத்துப் போச்சு. பரவலா எல்லா கைடுலயும் இதான் இருக்கு. மனப்பாடம் பண்ண வசதி. ஆனா தீர்ப்புல இருக்குறது இது மட்டும் இல்ல.

அந்தத் தீர்ப்பு ரொம்ப சின்னது, ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சிடலாம். 1913, அலகாபாத் ஐகோர்ட், நீதிபதி பானர்ஜி. கௌரி தத்தோட ஊரு கான்பூர். ஒரு ஜனவரி மாசம் அவரோட சொந்தக்காரப் பையன் வீட்டை விட்டு ஓடிடுறான். தேடச் சொல்லி ஆளாளுக்கு அனுப்புறாரு, அதுல லால்மனும் ஒருத்தர், அவரு வீட்டு வேலைக்காரர் கூட இல்ல, அந்த ஃபர்ம்ல கணக்குப் பிள்ளை, முனீம்னு சொல்வாங்க. ஹரித்வாருக்குப் போன்னு ரயில் சார்ஜும் கைச்செலவுக்கும் பணம் குடுத்து அனுப்புறாங்க. அவரு கிளம்புனதுக்கு அப்புறம்தான் 501 ரூபா பரிசுன்னு நோட்டீஸ் அடிக்கிறாங்க. லால்மன் ரிஷிகேஷ்ல பையனைக் கண்டுபிடிச்சு தந்தி குடுக்குறாரு, கௌரி தத் நேர்ல வந்து பையனைக் கூட்டிட்டுப் போறாரு. சந்தோஷத்துல ரெண்டு பவுன் காசு குடுக்குறாரு, கான்பூர் திரும்புனதும் மேல ஒரு 20 ரூபா. லால்மனும் வாங்கிக்கிட்டு வேற ஒண்ணும் கேக்காம வேலை பாத்துக்கிட்டே இருக்காரு. சுமார் ஆறு மாசம் கழிச்சு அவரை வேலையை விட்டு எடுத்துடுறாங்க. அதுக்கு அப்புறம்தான் பரிசுப் பணத்துல 499 ரூபா வரணும்னு கேஸ் போடுறாரு.

இந்த ஆறு மாசத்தை கைடுல பாத்திருக்கியா? இருக்காது. சட்டத்துக்கு அது பெருசா தேவையில்லதான், ஆனா வேலை போன மனுஷன் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுக்குறாருன்னு தெரிஞ்சா அந்தக் கேஸ் உனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது, மனப்பாடமே தேவைப்படாது. சரி அதை விடு, முக்கியமான இடம் இனிமேதான் வருது.

லால்மன் கோர்ட்ல என்ன சொன்னாருன்னா, என்னை ஹரித்வாருக்கு அனுப்பும்போதே பரிசு தர்றேன்னு சொன்னாங்கன்னு. அது பொய்னு ஆயிடுச்சு, நோட்டீஸ் அவரு போனதுக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு ரெக்கார்டுல தெளிவா இருந்துச்சு. ஆனா அதுக்கு அடுத்த வரியிலேயே நீதிபதி எழுதுறாரு, அந்த நோட்டீஸ்ல சிலதை ஹரித்வாருக்கே லால்மனுக்கு அனுப்பி வச்சிருக்காங்கன்னு. இன்னொரு தடவை படி. அனுப்பி வச்சிருக்காங்க. அப்புறம் எப்படி "தெரியாம கண்டுபிடிச்சாரு"ன்னு நாலு வரியில முடிச்சிட முடியும்?

நீதிபதி ரெண்டு விஷயம் சொல்றாரு. ஒண்ணு, இந்த மாதிரி கேஸ் கான்ட்ராக்ட் இருந்தாதான் நிக்கும், கான்ட்ராக்ட்டுக்கு ஏற்பு வேணும், சலுகை தெரியாம ஏற்பு கிடையாது. உன் கைடு பிடிச்சுக்கிட்டது இதை மட்டும்தான். ரெண்டாவது, லால்மன் சம்பளம் வாங்குற ஆளு, அந்த வேலையிலதான் தேடப் போனாரு. கணக்குப் பிள்ளைக்கு காணாமப் போன பையனைத் தேடுறது வழக்கமான வேலை இல்லதான், அதை நீதிபதியே ஒத்துக்குறாரு, ஆனா "சரி போறேன்"னு ஒத்துக்கிட்டுக் கிளம்புனதும் அது அவரோட கடமை ஆயிடுது. ஏற்கனவே செஞ்சே ஆகவேண்டிய வேலையைச் செய்யுறது, அப்புறமா வந்த 501 ரூபா வாக்குறுதிக்கு ஈடா செஞ்சது, அதாவது கன்சிடரேஷன், ஆகாது. கேஸ் விழுந்தது இந்த இடத்துலதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா நோட்டீஸ் அவரு கைக்குப் போயிருந்தாலும் இந்தக் காரணம் அப்படியே நிக்குது.

இப்ப நம்ம மிஸ் குடுத்த கேள்வியைத் திரும்பப் பாரு. அவங்க தீர்ப்பை நல்லா படிச்சுட்டு, கைடு விட்ட இடத்துல கரெக்டா கை வச்சு கேள்வி எடுத்திருக்காங்க. கைடு படிச்சவன் மாட்டுவான், தீர்ப்பு படிச்சவன் தப்பிப்பான்னு தெரிஞ்சே எடுத்த கேள்வி அது. (கிளாஸ்ல அந்தத் தீர்ப்பை ஒருநாள் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது, அது வேற விஷயம், அதை டிபார்ட்மென்ட்கிட்ட தனியா கேக்கத்தான் போறேன்.)

அந்தப் பதிலை எப்படி எழுதணும்னு காட்டுறேன், ஏன்னா "நல்லா எழுது"ன்னு சொல்றதால யாருக்கும் எதுவும் வராது. கான்ட்ராக்ட் ஆக்ட், 1872, செக்ஷன் 2ஐ திற. சட்டத்தோட வாசகம் மட்டும் இருக்குற பேர் ஆக்டைத்தான் சொல்றேன், கைடை இல்ல. அதுல (a)ல இருந்து வரிசையா எழுத்து போட்டு வரையறை இருக்கும். அதை தனித்தனியா மனப்பாடம் பண்ணாத, அது ஒரு சங்கிலி. ஒருத்தர் ஒரு விஷயத்தைச் செய்யத் தயாருன்னு, அடுத்தவர் சம்மதத்தை வாங்குறதுக்காகச் சொன்னா ப்ரபோசல், அது (a). அதுக்கு அடுத்தவர் சம்மதிச்சா அது ப்ராமிஸ் ஆகுது, அது (b). வாக்கு குடுத்தவர் விருப்பப்படி அடுத்தவர் எதையாவது செஞ்சா அதுதான் கன்சிடரேஷன், (d). ப்ராமிஸும் அதுக்கான கன்சிடரேஷனும் சேந்தா அக்ரிமென்ட், (e). சட்டத்தால அமல்படுத்த முடிஞ்ச அக்ரிமென்ட் கான்ட்ராக்ட், (h). ப்ராப்ளம் கேள்வினா இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணி அறுந்திருக்குன்னு தேடுறதுதான், வேற ஒண்ணும் இல்ல.

ம-வை எடுத்துக்கோ. போஸ்டர் ஊருக்கே போட்ட சலுகை, ப்ரபோசல் இருக்கு. ஏத்துக்கிட்டாரான்னு பாக்க செக்ஷன் 8க்கு வா, சலுகையில சொன்ன நிபந்தனையை நிறைவேத்துனாலே அது ஏற்புதான்னு அங்க இருக்கு. நாயைக் கொண்டு வந்தாச்சு. தெரிஞ்சு செஞ்சாரான்னா, ஆமா, போட்டோ பாத்தாச்சு, அதனால லால்மனோட முதல் காரணம் இங்க ஒட்டவே ஒட்டாது, அதை தைரியமா எழுது, "இந்தக் கேள்வியின் சங்கதிகள் அந்த அளவில் வேறுபடுகின்றன"ன்னு. அப்புறம் (d)க்கு வா. நாய் தேடப் போறேன்னு அந்த அம்மாகிட்ட 500 ரூபா வாங்கிட்டு ஏற்கனவே ஒத்துக்கிட்டாரு. அந்தக் கடமை உயிரோட இருக்கும்போது அதே வேலையைச் செய்யுறது புது வாக்குறுதிக்கு கன்சிடரேஷன் ஆகாது, இது லால்மனோட ரெண்டாவது காரணம். அதனால 10,000 கிடையாது. பதில் நீ எழுதுன "கிடையாது"தான் தம்பி! முடிவு சரி, வந்த வழி தப்பு. லா பேப்பர்ல வழிக்குத்தான் மார்க், கணக்குப் பரீட்சையில ஸ்டெப் மார்க் மாதிரி.

நல்ல மார்க் வேணும்னா இன்னொரு பத்தி சேக்கணும், எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வாருன்னு. வாட்ச்மேன் வேலை கேட்டைப் பாத்துக்குறது, நாய் தேடுறது இல்லன்னு சொல்வாரு. அதுக்கு நீதிபதி பானர்ஜி அப்பவே பதில் சொல்லிட்டாரு, கணக்குப் பிள்ளைக்கும் அது வேலை இல்ல, ஒத்துக்கிட்டதால கடமை. சரி, சங்கதியைக் கொஞ்சம் மாத்திப் பாப்போமா? அந்த அம்மா "நம்ம தெருவுல மட்டும் பாத்துட்டு வா"ன்னு அனுப்பியிருந்து, அவரும் தெரு முழுக்கத் தேடிட்டு இல்லன்னு திரும்பி வந்து சொல்லிட்டாரு, டியூட்டியும் முடிஞ்சிடுச்சு, அதுக்கு அப்புறம் போஸ்டரைப் பாத்துட்டு தாம்பரம் வரைக்கும் சொந்தக் காசுல போய்த் தேடிக் கொண்டு வந்தாருன்னா? அப்ப ஒத்துக்கிட்ட வேலை முடிஞ்சு போச்சு, தாம்பரம் போனது கடமைக்கு மேல செஞ்ச வேலை, அதை வச்சு அவர் பக்கம் பலமா வாதாடலாம். இப்படி ஒரு சங்கதியை நகத்திப் பாத்து பதில் மாறுதான்னு பாக்குறதுதான் பயிற்சி. கைடுல இது கிடைக்காது, கைடுல முடிவு மட்டும்தான் இருக்கும்.

(ஆ)ல பால்காரர். போஸ்டர் பாத்திருக்காரு, அந்த அம்மாகிட்ட அவருக்கு எந்தக் கடமையும் இல்ல, தேடிக் கொண்டு வந்துட்டாரு. எல்லாக் கண்ணியும் சேந்திருக்கு, 10,000 குடுத்தே ஆகணும். இதுக்கு நீ லால்மனைப் போட்டு "இதே விதி"ன்னு எழுதுனதுதான் பெரிய அடி. இங்க போட வேண்டிய கேஸ் அதே அலகாபாத் ஐகோர்ட்ல பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு வந்த ஹர்பஜன் லால் எதிர் ஹர்சரண் லால், ஏஐஆர் 1925. அங்கயும் ஓடிப்போன பையன்தான், அப்பா 500 ரூபா பரிசுன்னு நோட்டீஸ் விடுறாரு, அதைத் தெரிஞ்ச ஒருத்தர் ரயில்வே ஸ்டேஷன் தர்மசாலையில ஒரு பையன் பேசுறதைக் காதுல வாங்கி, இவன்தான் அவன்னு புரிஞ்சு, ரயில்வே போலீஸ்கிட்ட ஒப்படைச்சுட்டு அப்பாவுக்குத் தந்தி குடுக்குறாரு. நோட்டீஸ்ல வீட்டுக்குக் கொண்டு வந்து சேக்கணும்னு இருந்துச்சு, இவரு வீடு வரைக்கும் கொண்டு போகல. இருந்தாலும் நிபந்தனையை பெரும்பாலும் நிறைவேத்திட்டாருன்னு பரிசு குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு கேஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா ஒண்ணு ஏன் தோத்துச்சு, இன்னொண்ணு ஏன் ஜெயிச்சுச்சுன்னு தானா தெரியும். ஒரு கேஸை மட்டும் தனியா படிச்சா எல்லா நாய்க்கும் பூனைக்கும் லால்மன்தான்.

இங்கிலீஷ் பிரச்சனைன்னு சொன்ன. பழைய தீர்ப்பு இங்கிலீஷ் எனக்கும் நெளியும், அதனால என்ன. முதல் வாசிப்புல புரியாத வார்த்தைக்கு டிக்ஷனரி எடுக்காத, தேதியும் பணமும் மட்டும் பென்சில்ல வட்டம் போடு. யாரு எப்ப கிளம்புனா, நோட்டீஸ் எப்ப வந்துச்சு, எவ்வளவு, எப்ப கேஸ் போட்டாங்க. அதை நோட்டுல வரிசையா எழுதுனா பாதி கேஸ் முடிஞ்சிடும், லால்மன் கேஸ்ல மொத்தமே எது முந்தி எது பிந்திங்கிறதுலதான் இருக்கு. ரெண்டாவது வாசிப்புல தோத்தவரோட வக்கீல் என்ன வாதம் வச்சாருன்னு மட்டும் தேடு. மூணாவதுல நீதிபதி அந்த வாதத்தை எந்த வரியில தள்ளுனாருன்னு தேடி அந்த ஒரு வரியை உன் சொந்தத் தமிழ்ல எழுதிக்கோ. பரீட்சையை தமிழ்ல எழுதுறதுல எந்த அசிங்கமும் இல்ல, செக்ஷன் நம்பரும் கேஸ் பேரும் சரியா இருக்கணும், அவ்வளவுதான். சட்டத்தை indiacode.nic.in-ல காசில்லாம எடுக்கலாம், பழைய தீர்ப்புகளை indiankanoon.org-ல பேரைப் போட்டுத் தேடு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல கொஞ்சம் தமிழ் மொழிபெயர்ப்பாவே கோர்ட்டோட இ-எஸ்சிஆர் தளத்துல கிடைக்குது.

பேர் ஆக்ட்னதும் ஒண்ணு சொல்லணும், செக்ஷனுக்குக் கீழ சின்ன எழுத்துல "A, B"ன்னு உதாரணக் கதை இருக்கும் பாரு, இல்லஸ்ட்ரேஷன், அதைத் தாண்டிப் போயிடாத. செக்ஷன் 4க்குக் கீழ A ஒரு வீட்டை இன்ன விலைக்குத் தர்றேன்னு B-க்கு லெட்டர் போடுறாரு, B கையில லெட்டர் கிடைக்கும்போதுதான் சலுகை போய்ச் சேந்ததா அர்த்தம்னு இருக்கும். அதுல லெட்டருக்குப் பதிலா வாட்ஸ்அப், வீட்டுக்குப் பதிலா பழைய பைக்னு மாத்திட்டா பாதி காலேஜோட கேள்வித்தாள் ரெடி. கைடு போடுறவங்க பக்கத்தைக் குறைக்க முதல்ல வெட்டுறதும் இந்த இல்லஸ்ட்ரேஷனைத்தான்.

இப்ப அந்த பிடிஎஃப். சீனியருங்களே, இது உங்களுக்கு. நீங்க அனுப்புனதைத் திறந்து பாத்தேன், கிரைம்ஸ் பகுதி முழுக்க ஐபிசி. கொலைக்கு 302, மோசடிக்கு 420. நானும் ஃபர்ஸ்ட் இயர்ல ஐபிசிதான் படிச்சேன், தப்பில்ல, அப்ப அதான் சட்டம். ஆனா 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, கொலைக்கான தண்டனை 103(1)க்குப் போயிடுச்சு, 420ல இருந்தது 318(4)க்குப் போயிடுச்சு, 511 செக்ஷன் இருந்த இடத்துல இப்ப 358தான். இந்தப் பசங்க நீங்க குடுத்த நம்பரை நம்பி எழுதுனா, பேப்பர் திருத்துறவங்க அது உங்க தப்புன்னு கண்டுக்கவா போறாங்க? பழசு சுத்தமா செத்துடல, 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு இன்னமும் ஐபிசிதான், அதனால தம்பி, கேள்வியில தேதி குடுத்திருந்தா முதல்ல அதைப் பாரு, ஜூன் 30 ராத்திரி நடந்த திருட்டுக்கும் மறுநாள் ராத்திரி நடந்த திருட்டுக்கும் செக்ஷன் வேற, முன்னதுக்கு 379, பின்னதுக்கு 303(2). தேதி இல்லன்னா பிஎன்எஸ் எழுது, பிராக்கெட்ல பழைய நம்பர் போட்டாலும் பரவால்ல.

அட்டென்டன்ஸ் பத்தி ஒரே வரி. லீவ் போட்டுட்டு கடைசி பத்து நாள்ல பாத்துக்கலாம்னு சொல்றாங்களே, பார் கவுன்சில் விதியில ஒவ்வொரு சப்ஜெக்ட்லயும் 70 சதவீதம் கேக்குறாங்க, அது உனக்கு இப்ப எவ்வளவு இருக்குன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டு வை, பரீட்சைக்கு முந்தின வாரம் கேக்காத. நைட் டூட்டி பாத்துட்டு வர்ற பசங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க, அவங்க எந்தெந்த சப்ஜெக்ட்ல குறையுதுன்னு மாசாமாசம் எழுதி வச்சுக்கிறாங்க, அதைப் பாத்துக் கத்துக்கோ.

எந்திரிச்சுப் பேச பயமா இருக்குன்ன. பயம் போகும் போகாது, எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்ல. ஆனா எதைப் பேசணும்னு தெரியாம நிக்கிற பயமும் தெரிஞ்சும் நாக்கு ஒட்டுற பயமும் வேற வேற. உனக்கு இப்ப இருக்குறது முதலாவது. மிஸ் கேள்வி கேட்டா நீ ரெண்டே வாக்கியம் சொன்னா போதும், "இதுல எனக்குத் தடுமாறுற சங்கதி இது, செக்ஷன் இது"ன்னு. முழுப் பதிலை அவங்களே அதுக்கு மேல இழுத்துட்டுப் போயிடுவாங்க.

இதெல்லாம் சொல்லிட்டு கேக்க வேண்டியதை நேரா கேக்குறேன்.

தம்பி, உன்கிட்ட மூணு. டிசிக்கு லெட்டர் எழுதாத, எழுதியிருந்தா திரும்ப வாங்கு, முதல் செமஸ்டர் பேப்பரை எழுதி ரிசல்ட் பாத்துட்டு அப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா நானே ஆபீசுக்குக் கூட வர்றேன், ஆனா ஒரு இன்டர்னல் மார்க்கை வச்சு முடிவு பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அடுத்தது, அந்த கைடை அலமாரியில வச்சுப் பூட்டு, லால்மன் தீர்ப்பையும் ஹர்பஜன் லால் தீர்ப்பையும் முழுசா படிச்சு, நான் சொன்ன மாதிரி தேதியும் பணமும் வரிசையா ஒரு பக்கத்துல எழுதிக்கோ. அப்புறம் அதே (அ), (ஆ) கேள்வியைத் திரும்ப எழுதி வெள்ளிக்கிழமை மத்தியானம் லைப்ரரி மாடிக்குக் கொண்டு வா. கான்ட்ராக்ட் வரலாறு ஒரு வரி கூட அதுல இருக்கக் கூடாது, முதல் வரியே போஸ்டர்ல ஆரம்பிக்கணும்.

சீனியருங்ககிட்ட ரெண்டு. அந்த பிடிஎஃப்பை குரூப்ல இருந்து இன்னைக்கே எடுங்க, இல்ல செக்ஷன் நம்பரை எல்லாம் திருத்திட்டு போடுங்க. அடுத்த தடவை ஒரு ஜூனியர் மார்க் பேப்பர் போட்டா, பதில் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைத் திறந்து படிங்க.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணு. வாரத்துல ஒரு பீரியட், ஒரே ஒரு தீர்ப்பு, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் கிளாஸ்ல சத்தமா வாசிக்க ஏற்பாடு பண்ணுங்க. வாசிக்க ஆள் இல்லன்னா ஃபைனல் இயர்ல நாங்க சிலர் ரெடியா இருக்கோம், நேரமும் ரூம் நம்பரும் மட்டும் நோட்டீஸ் போர்டுல போட்டா போதும்.

இப்படிக்கு,
மூணாம் வருஷத்துல இருந்து உன் அக்கா